கவரிங்கா, கெட்டித் தங்கமா? தண்ணீரும் சின்னத் தராசும் போதும்

கேள்வி: மாமியார் தவறிய பிறகு அவர் பெட்டியில் இருந்த நகைகளைப் பிரித்துப் பார்க்கிறோம். பார்க்க ஒரே மாதிரி மஞ்சளாக இரண்டு சங்கிலி, நாலு வளையல், ஒரு ஜோடி ஜிமிக்கி, சில தோடுகள். இதில் சிலது கவரிங் என்று நாத்தனார் சொல்கிறார். ஒரு சங்கிலி அமெரிக்காவிலிருந்து வந்தது, அதன் கொக்கியில் 1/20 14K GF என்று பொறித்திருக்கிறது. கடைக்கு எடுத்துப் போகும் முன் எது கெட்டித் தங்கம், எது முலாம் என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

வழி உண்டு. ஆனால் எலுமிச்சம்பழம், காந்தம், ஓட்டில் உரசுவது என்று சுற்றிக்கொண்டிருக்கும் முறைகளில் பெரும்பாலானவை உங்களுக்கு உதவாது. நல்ல கவரிங் நகையின் மேல்தோல் உண்மையான தங்கம்தான், மெல்லிசாக இருக்கிறது, அவ்வளவுதான். மேல்தோலை மட்டும் பார்க்கும் எந்தச் சோதனையும் அதைத் தங்கம் என்றுதான் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெட்டாமல், உரசாமல் சொல்லக்கூடியது எடைக்கும் பருமனுக்கும் உள்ள கணக்கு ஒன்றுதான். அடகுக்கு வரும் நகைகளை மதிப்பிடுவது என் வேலை. வீட்டில் செய்யக்கூடியதில் நான் நம்புவதும் இந்த ஒன்றைத்தான். அதை விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம்.

உங்கள் பெட்டியில் மூன்று வகை இருக்கலாம். முதலாவது கெட்டித் தங்கம். மேலிருந்து உள்வரை ஒரே கலவை. நம் ஊர் நகை என்றால் பெரும்பாலும் 22 காரட், அதாவது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். இரண்டாவது முலாம் பூசியது. செம்பிலோ பித்தளையிலோ நகையைச் செய்துவிட்டு, மின்சாரம் மூலம் மேலே தங்கத்தைப் படியவைப்பது. கவரிங், ஒரு கிராம் தங்கம் என்று கடைகளில் விற்பதெல்லாம் பெரும்பாலும் இதுதான். பூச்சின் கனம் பல நகைகளில் ஒரு மைக்ரானைக்கூடத் தொடாது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

மூன்றாவதுதான் உங்கள் அமெரிக்கச் சங்கிலி. பித்தளையின் மேல் தங்கத் தகட்டை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைத்து, பிறகு கம்பியாக இழுத்துச் செய்வது. GF என்பது அதைக் குறிக்கும் எழுத்து. 1/20 14K என்றால் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு 14 காரட் தங்கம் என்று பொருள். இதில் தோல் முலாமைவிடப் பல மடங்கு கனம். ஒரு மில்லிமீட்டர் கம்பியில் கணக்குப் போட்டால் எட்டு மைக்ரான் அளவில் வரும். அதனால்தான் இருபது முப்பது வருடம் போட்டாலும் சாயம் போகாமல் இருக்கும், பார்க்கிறவர்களும் கெட்டித் தங்கம் என்றே நினைப்பார்கள். நம் ஊரில் ரோல்டு கோல்டு என்ற பெயர் முதலில் இந்த மாதிரிச் செய்முறைக்கு வந்ததுதான். இப்போது எல்லாக் கவரிங்கையும் அப்படிச் சொல்கிறோம்.

சரி, முதலில் முத்திரை. 2021 ஜூலையிலிருந்து இந்தியாவில் ஹால்மார்க் செய்யும் நகைகளில் மூன்று அடையாளம் இருக்கும்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னம், 22K916 போன்ற தர எண், அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. அந்த ஆறு இலக்கத்தை BIS Care செயலியில் போட்டால் நகை எந்த வகை, எந்தத் தரம், எந்த மையத்தில் சோதித்தது என்று வரும். அங்கே வரும் விவரம் உங்கள் கையில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். செயலி மோதிரம் என்று சொல்லி உங்கள் கையில் இருப்பது சங்கிலி என்றால் யாரோ குறியீட்டை நகல் எடுத்துப் பொறித்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் மாமியாரின் பெட்டியில் பெரும்பாலும் இது எதுவும் இருக்காது. தங்கத்துக்கு ஹால்மார்க் முறையே 2000-இல்தான் தொடங்கியது, பல வருடம் அது கட்டாயமாகவும் இல்லை. ஆகவே முத்திரை இல்லாத பழைய நகையை அதற்காகவே சந்தேகப்பட வேண்டாம். அதேபோல 916 என்ற எண் மட்டும் தனியாக இருந்தால் அதை நம்பவும் வேண்டாம். ஒரு அச்சும் சுத்தியலும் இருந்தால் யாரும் அதை அடித்துவிடலாம். சில நகைகளில் KDM என்று இருக்கும். அது காட்மியம் கலந்த பொடி வைத்துப் பற்றவைத்ததைக் குறிப்பது, தங்கத்தின் தரத்துக்கு அது சான்று இல்லை.

முலாம் என்பதைச் சொல்லும் எழுத்துகள் உண்டு. GP, GEP, HGE, RGP இவற்றில் எது இருந்தாலும் உள்ளே வேறு உலோகம். 925 என்று மட்டும் இருந்து நகை மஞ்சளாக இருந்தால் வெள்ளியின் மேல் தங்கம் பூசியது. உங்கள் GF-ம் இந்த வரிசைதான். இதையெல்லாம் பூதக்கண்ணாடியில் கொக்கியின் உட்பக்கம், திருகாணி நுழையும் தண்டு, வளையலின் உள்வட்டம் ஆகிய இடங்களில் தேடுங்கள். பூதக்கண்ணாடி இல்லையென்றால் கைபேசி கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பார்த்தாலும் போதும்.

முத்திரை தேடும்போதே தேய்மானத்தையும் பார்த்துவிடுங்கள். எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் பழைய கவரிங்கில் பாதி இங்கேயே பிடிபட்டுவிடும். சங்கிலியில் ஒரு கண்ணி அடுத்த கண்ணியோடு உராயும் உள்வளைவு, கொக்கி மாட்டும் வளையம், வளையலின் வெளி விளிம்பு, மோதிரத்தின் உள்ளங்கைப் பக்கம், இந்த இடங்களில்தான் பூச்சு முதலில் போகும். சங்கிலியை விரலில் மடித்து இரண்டு கண்ணிகளுக்கு இடையே இருக்கும் வளைவைத் திறந்து பாருங்கள். கெட்டித் தங்கத்தில் அந்த இடம் பள்ளமாகத் தேய்ந்திருக்கும், ஆனால் பள்ளத்தின் நிறமும் மற்ற இடத்தின் நிறமும் ஒன்றாகவே இருக்கும். சொல்லப்போனால் உராய்வதால் இன்னும் பளபளப்பாகத் தெரியும். கவரிங்கில் அந்தப் பள்ளம் செம்பு நிறமாகவோ, வெளிறிய பித்தளை மஞ்சளாகவோ, கறுப்பாகவோ இருக்கும். கறுப்பைப் பார்த்து உடனே முடிவு கட்டாதீர்கள், தங்கத்திலும் வியர்வையும் சோப்பும் சேர்ந்து அழுக்கு படியும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிவிட்டுப் பாருங்கள். அழுக்கு போய்விடும், அடியில் இருக்கும் செம்பு போகாது.

ஆனால் இந்தப் பார்வை ஒரு பக்கம்தான் சொல்லும். அடி உலோகம் தெரிந்தால் கவரிங் என்பது உறுதி. தெரியவில்லை என்றால் தங்கம் என்று சொல்ல முடியாது, அதிகம் போடாத கவரிங்காகவும் இருக்கலாம், தோல் கனமான உங்கள் GF சங்கிலி மாதிரியும் இருக்கலாம்.

இனி எடைக் கணக்குக்கு வருகிறேன். தங்கம் அசாதாரணமாகக் கனமான உலோகம். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம். அதே பருமனுள்ள சுத்தத் தங்கம் 19.3 கிராம். 22 காரட் என்றால், கலந்தது செம்பு அதிகமா வெள்ளி அதிகமா என்பதைப் பொறுத்து, 17.6-இலிருந்து 18 வரை. 18 காரட் 15-இலிருந்து 16 வரை. 14 காரட் 13 முதல் 14-ஐ ஒட்டி. கவரிங்குக்கு அடியில் இருக்கும் உலோகங்களைப் பாருங்கள்: பித்தளை 8.5-ஐ ஒட்டி, செம்பு 9-க்குச் சற்றுக் குறைவு, வெள்ளி 10.5, ஈயம் 11.3. நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. மேலே எவ்வளவு நன்றாக முலாம் பூசினாலும் பித்தளையின் எண்ணை அது தூக்கிவிட முடியாது. உங்கள் GF வகையில்கூட, நூற்றுக்கு ஐந்து பங்கு 14 காரட் தங்கம் சேர்ந்தும், எண் 8.6 அல்லது 8.7-க்கு மேல் போகாது. மேல்தோலைப் பார்க்கும் எல்லாச் சோதனையையும் ஏமாற்றும் நகை இங்கே அப்படியே மாட்டிக்கொள்ளும்.

வேண்டியது 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு. 200 கிராம் வரை தாங்கும் பாக்கெட் தராசுகள் சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கின்றன. சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. அது ஒரு கிராம், அரை கிராம் கணக்கில் காட்டும், நமக்கு வேண்டிய வித்தியாசம் அதற்குள் மறைந்துவிடும். ஒரு லேசான பிளாஸ்டிக் டம்ளர், தையல் நூல், பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று, இரண்டு அடுக்குப் புத்தகம். அவ்வளவுதான்.

நகையைக் கழுவித் துடைத்து நன்றாகக் காயவிட்டு, முதலில் அப்படியே எடை பாருங்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது டம்ளரில் 100 மில்லி அளவு தண்ணீர் ஊற்றி, சோப்புத் திரவம் ஒரே ஒரு சொட்டு கலந்து, தராசின் மேல் வையுங்கள். டம்ளரும் தண்ணீரும் சேர்ந்து தராசின் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். தராசின் இரு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, டம்ளருக்கு மேலே ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். ஸ்கேலோ புத்தகமோ தராசைத் தொடக்கூடாது. பிறகு தராசில் பூஜ்ஜியப் பொத்தானை அழுத்துங்கள். நகையை நூலில் கட்டி, ஸ்கேலிலிருந்து தொங்கவிட்டு, முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கும்படி இறக்குங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக்கூடாது. கையால் பிடித்துத் தொங்கவிட்டால் எண் ஆடிக்கொண்டே இருக்கும், அதற்குத்தான் ஸ்கேல்.

இப்போது தராசு ஒரு சின்ன எண்ணைக் காட்டும். அது நகையின் எடை இல்லை. நகை ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை, அதாவது மில்லிலிட்டரில் நகையின் பருமன். தண்ணீர் நகையை மேலே தாங்குகிறது, தாங்கும் அதே அளவு பாரம் கீழே தராசில் விழுகிறது. முதலில் எழுதிய எடையை இந்த எண்ணால் வகுத்தால் நீங்கள் தேடும் விடை வந்துவிடும். எண் திடீரென்று பத்து, இருபது கிராம் என்று ஏறினால் நகை அடியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், நூலைச் சற்று உயர்த்துங்கள்.

நகையில் இறங்கும் முன் ஒரு தடவை காசில் பழகிப் பாருங்கள். பித்தளை நிறத்தில் இருக்கும் ஐந்து ரூபாய் நாணயம் நாலைச் சேர்த்துக் கட்டி இதேபோல் செய்யுங்கள். விடை 8.5-ஐ ஒட்டி வர வேண்டும். வந்தால் தராசும் உங்கள் கையும் சரி. ஏழோ பத்தோ வந்தால் எங்கோ காற்றுக் குமிழி இருக்கிறது, அல்லது நாணயம் அடியைத் தொடுகிறது, அல்லது தராசு சரியில்லை.

உங்கள் இரண்டு சங்கிலியை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு. முதல் சங்கிலி மூணு பவுன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பவுன் எட்டு கிராம், ஆக 24 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். காய்ந்த எடை 23.86 வருகிறது, தேய்மானம் போக அது நியாயமான எடைதான். தண்ணீரில் இறக்கியதும் தராசு 1.34 காட்டுகிறது. 23.86-ஐ 1.34-ஆல் வகுத்தால் 17.8. இது 22 காரட். தராசு 0.02 கிராம் தவறாகக் காட்டியிருந்தாலும் விடை 17.5-க்கும் 18.1-க்கும் நடுவில்தான் விழும், அதனால் முடிவு மாறாது. இரண்டாவது, அமெரிக்கச் சங்கிலி. காய்ந்த எடை 19.40. பார்ப்பதற்கு முதல் சங்கிலியைவிடப் பெரிதாகவே தெரியும், எடை மட்டும் குறைவு. தண்ணீரில் 2.25. வகுத்தால் 8.6. உள்ளே பித்தளை. கொக்கியில் இருக்கும் எழுத்தும் அதையேதான் சொல்கிறது.

இரண்டு சங்கிலியையும் உள்ளங்கையில் மாறி மாறி வைத்துப் பாருங்கள். ஒரே பருமனுள்ள தங்கம் பித்தளையைப்போல் இரண்டு மடங்கு கனம் என்பதால் பழகிய கைக்கு இது எடுத்தவுடன் தெரிந்துவிடும். வளையல் வாங்கும்போது நம் பெரியவர்கள் கையில் தூக்கிப் போட்டுப் பார்ப்பது இதற்குத்தான்.

இந்தச் சோதனை எங்கே தடுமாறும் என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்ல தங்கத்தைக் கவரிங் என்று ஒதுக்கிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. எண் 17.5-க்கு மேல் வந்தால் முலாம் என்று அஞ்ச வேண்டியதில்லை, ஏனென்றால் செம்பு, பித்தளை, வெள்ளி, ஈயம் எதை உள்ளே வைத்தாலும் அந்த எண்ணைக் கொண்டுவர முடியாது. ஆனால் எண் தாழ்ந்து வந்தால் உடனே கவரிங் என்று முடிவு செய்யக்கூடாது. தாழ வைக்கும் காரணங்கள் வேறும் உண்டு.

முதல் காரணம் காற்று. நெருக்கமாகப் பின்னிய சங்கிலியில் கண்ணிகளுக்கு நடுவே குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். குமிழியின் பருமனும் நகையின் கணக்கில் சேர்ந்து எண்ணைக் குறைத்துவிடும். சோப்புச் சொட்டு அதற்காகத்தான். நகையைத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாக ஆட்டி, குமிழிகள் மேலே வந்த பிறகு மறுபடி படியுங்கள். ஒரே நகையை மூன்று தடவை செய்து பார்த்து, வகுத்து வரும் எண் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே வந்தால் குமிழி வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நிலையாக நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உள்ளே வெற்றிடம் இருக்கும் நகை. உங்கள் ஜிமிக்கி இதில் வரும். ஜிமிக்கியின் குடையைக் கவிழ்த்தபடி இறக்கினால் உள்ளே காற்று அடைபட்டுவிடும், வாய் மேலே பார்க்கும்படி கட்டி இறக்குங்கள். அப்படியும் அதில் தொங்கும் சிறு குண்டுகள் உள்ளே வெற்றாக இருந்தால், சுத்தத் தங்கமாகவே இருந்தும் எண் பத்து, பன்னிரண்டு என்று வரும். உள்ளீடற்ற வளையல், அரக்கு அடைத்த பழைய நகை, பாம்படம், கல் பதித்த அட்டிகை எல்லாம் இதே கதைதான். கல்லும் அரக்கும் தங்கத்தைவிட மிக லேசு என்பதால் கணக்கே ஓடாது. கருகமணியோ பவளமோ கோத்த நகைக்கும் இது பயன்படாது. இவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், கடையில் பார்த்துக்கொள்ளலாம். டாலர் தொங்கும் சங்கிலி என்றால் டாலரைக் கழற்றித் தனியாகப் பாருங்கள், நல்ல சங்கிலியில் கவரிங் டாலர் கோத்திருப்பது அபூர்வம் இல்லை.

மூன்றாவது, சின்ன நகை. இரண்டு கிராம் தோடு 22 காரட்டாக இருந்தால் தண்ணீரில் 0.11 காட்டும். தராசு 0.02 முன்னே பின்னே போனால் விடை 15-இலிருந்து 22 வரை எங்கு வேண்டுமானாலும் வரும். ஆகவே காரட்டைச் சொல்ல முடியாது. ஆனால் அதே எடையுள்ள பித்தளைத் தோடு 0.23 காட்டும், அதே தவறு இருந்தாலும் விடை எட்டுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் நிற்கும். அதனால் தங்கமா பித்தளையா என்று பிரிப்பதற்கு இரண்டு கிராமும் போதும். கல் இல்லாத தோடுகள் ஐந்தாறு இருந்தால் ஒன்றாகக் கட்டி இறக்காதீர்கள், ஒன்று மட்டும் கவரிங்காக இருந்தால் கூட்டத்தில் மறைந்துவிடும். ஒரு கிராமுக்குக் கீழே இந்தத் தராசை நம்ப வேண்டாம்.

வளையலுக்கு வேறு ஒரு சிரமம். நிற்கவைத்தால் ஆறேழு சென்டிமீட்டர் உயரம் வரும், சின்ன டம்ளரில் மூழ்காது. பெரிய டப்பாவில் தண்ணீர் ஊற்றினால் 200 கிராம் தராசு தாங்காது. வளையல் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 500 கிராம் வரை தாங்கும், அதே 0.01 நுணுக்கமுள்ள தராசாக வாங்கிவிடுங்கள். வளையலில் எண் 12, 13 என்று நடுவில் வந்தால் அது 14 காரட் என்று நினைக்காதீர்கள். உள்ளே வெற்றாக இருக்கலாம், அல்லது வலுவுக்காகச் செம்புக் கம்பியை வைத்து மேலே கனமான தங்கத் தகடு போர்த்தியிருக்கலாம். இரண்டையும் வீட்டில் பிரித்தறிய முடியாது.

எண் உயர்ந்து வந்தாலும் சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, டங்ஸ்டன். அதன் அடர்த்தி தங்கத்தோடு ஒத்துப்போகும். ஆனால் அது மிகக் கடினமான, எளிதில் உருகாத உலோகம், அதை மெல்லிய கண்ணியாகவோ தோடாகவோ ஆசாரி வளைக்க முடியாது. தங்கக் கட்டி, தடித்த நாணயம் போன்றவற்றில்தான் அந்தக் கவலை. உங்கள் சங்கிலிக்கும் தோட்டுக்கும் அது தேவையில்லை.

மற்ற முறைகளைப் பற்றிக் கொஞ்சம். காந்தம் தங்கத்தை இழுக்காது, உண்மைதான். ஆனால் அது செம்பையும் பித்தளையையும் வெள்ளியையும்கூட இழுக்காது. நகை முழுவதும் காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு என்று தெரியும், ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. நல்ல தங்கச் சங்கிலியிலும் கொக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங் மட்டும் ஒட்டலாம், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எலுமிச்சை, வினிகர் இரண்டும் கவரிங்கின் மேல் இருக்கும் தங்கத்தையும் ஒன்றும் செய்யாது, முத்தையும் பவளத்தையும்தான் கெடுக்கும். தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்ப்பது வீண், பித்தளையும் மூழ்கும். ஓட்டின் அடியில் உரசுவதால் நகையில் கீறல் விழுவதுதான் மிச்சம். அடுப்பில் காட்டுவது எல்லாவற்றிலும் மோசம். 22 காரட்டில் இருக்கும் செம்பே கொஞ்சம் கறுக்கும், கல் வெடிக்கும், அரக்கு உருகி ஓடிவிடும்.

நைட்ரிக் அமிலம் வாங்கிச் செய்து பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். தோலைச் சுடும், செம்பில் பட்டால் கிளம்பும் புகை நுரையீரலுக்குக் கெடுதல், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் ஆபத்து. அதோடு, மேலே ஒரு சொட்டு விட்டால் அமிலமும் மேல்தோலைத்தான் பார்க்கிறது. ஆசாரி அமிலம் போடும் முன் ஒரு ஓரத்தில் அரம் போட்டு உள்ளே திறந்துவிட்டுத்தான் போடுவார். அந்தத் திறந்த இடத்தில் பச்சையாக நுரைத்தால் செம்போ பித்தளையோ.

இதே காரணத்தால்தான் கடைக்குப் போகும்போதும் கவனமாக இருக்கச் சொல்கிறேன். உரைகல்லில் லேசாக உரசினால் கல்லில் விழுவது மேல்தோல். கடைகளில் நகையை உள்ளே வைத்ததும் திரையில் காரட்டைக் காட்டும் எக்ஸ்ரே கருவியும் மேலே சில மைக்ரான்களைத்தான் நன்றாகப் பார்க்கும். ஒரு மைக்ரான் முலாமைத் தாண்டி அது அடியில் இருக்கும் செம்பைக் காட்டிவிடும், ஆனால் தோல் கனமான GF போன்ற நகையில் மேல் தகட்டின் காரட்டை ஒட்டிய எண்ணையே காட்டலாம். ஆகவே நகையை விற்கவோ பங்கு பிரிக்கவோ போகிறீர்கள் என்றால், கொக்கி போன்ற மறைவான இடத்தில் அரம் போட்டு, அந்தத் திறந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். போகும் தங்கம் மில்லிகிராம் கணக்கு. ஆனால் கொக்கியை மாற்றியிருக்கலாம் என்பதால் சங்கிலியின் நடுக்கண்ணி ஒன்றிலும் பார்ப்பது நல்லது. நகை வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர் சொன்னால்தான் மனம் ஒப்பும் என்றால், அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில் பொதுமக்களும் கட்டணம் கட்டி நகையைச் சோதித்துச் சான்று வாங்கலாம்.

உங்கள் பெட்டிக்கு நான் சொல்லும் வரிசை இது. எல்லாவற்றையும் கழுவி, முத்திரையும் தேய்மானமும் பார்த்து, அடி உலோகம் தெரிவதை முதலில் ஒதுக்குங்கள். மீதியில் கல்லும் வெற்றிடமும் இல்லாத சங்கிலி, தோடு, வளையலைத் தண்ணீரில் இறக்குங்கள். 17.5-க்கு மேல் வந்தவை ஒரு பக்கம், ஒன்பதுக்குக் கீழே வந்த கெட்டியான நகைகள் இன்னொரு பக்கம். 10.3-ஐ ஒட்டி வந்தால் வெள்ளியில் முலாம் என்று எழுதி வையுங்கள், அதற்கும் ஒரு விலை உண்டு. நடுவில் நிற்பவையும், ஜிமிக்கியும், கல் நகையும் மட்டும் கடைக்குப் போகட்டும். ஒவ்வொரு நகையின் காய்ந்த எடையையும் படத்தோடு குறித்துக்கொண்டு போங்கள், கடையில் எடை மாறினால் கேட்க வசதியாக இருக்கும்.

அந்த அமெரிக்கச் சங்கிலியைத் தங்கமாக விற்க முயல வேண்டாம். 19.40 கிராமில் இருபதில் ஒரு பங்கு என்றால் 0.97 கிராம் 14 காரட், அதில் சுத்தத் தங்கம் 0.57 கிராம்தான் இருக்கும். போட்டுப் போட்டுத் தேய்ந்ததும் அதிலிருந்துதான் போயிருக்கும். அதைப் பித்தளையிலிருந்து பிரித்தெடுக்க ஆகும் செலவைப் பார்த்தால் பெரும்பாலான கடைகள் கவரிங் என்றே சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள், அதில் அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். போட்டுக்கொள்ள நல்ல சங்கிலி. உரசித் தேய்க்கும் பாலிஷ் பொடி மட்டும் போடாமல், சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி வைத்தால் இன்னும் பல வருடம் நிறம் மாறாமல் இருக்கும்.